லூஸ், லாஸ், அலாட்

துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் இரவுகளில், வண்டியிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து கிடங்குக்கும் வாட்ஸப் செய்திகள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி வழியாகக் காட்டுப்பள்ளி வரை கன்டெய்னர் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலையே பாதி இந்தச் செய்திகளில்தான் நடக்கிறது. எழுத்து ரோமன், மொழி பாதி தமிழ், பாதி ஆங்கிலம். “anna gate pass loose panidadha” என்று ஒருவர் அனுப்புவார். “today alot of line, 2 hr agum” என்று இன்னொருவர் பதில் போடுவார். முதல் செய்தியில் lose என்று இருக்க வேண்டியது loose ஆகியிருக்கிறது. இரண்டாவதில் a lot என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு alot ஆகியிருக்கின்றன.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் அவசரம். அலட்சியம் என்று சொல்பவர்களும் உண்டு. முதல் பிழையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. அவசரத்தில் எழுதுபவர் எழுத்தைக் குறைப்பார். okay என்பது k ஆகும், please என்பது pls ஆகும், don't என்பதில் இருக்கும் அப்பாஸ்ட்ரஃபி காணாமல் போகும். அதே ஆள் lose என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு மட்டும் ஓர் எழுத்தைக் கூட்டி அடிக்கிறார். அவசரம் இதைச் செய்யாது.

விரல் தவறியிருக்கலாமே என்றால், விரலின் தவறுகளுக்கு வேறு ஜாடை உண்டு. டேவிட் ரூமெல்ஹார்ட், டொனால்ட் நார்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1982இல் தட்டச்சுக்காரரின் கைவேலையைக் கணினியில் மாதிரியாகச் செய்து பார்த்தார்கள். இரட்டை எழுத்து வரும்போது ‘இரண்டு முறை அடி’ என்ற கட்டளை தனியாகப் போகிறது என்பது அவர்கள் வைத்த கருத்து. அந்தக் கட்டளை சில சமயம் பக்கத்து எழுத்தின் மேல் விழுந்துவிடும். அப்போது book என்பது bokk ஆகும். lose விரலால் கெட்டிருந்தால் losse, lsoe, loes என்றெல்லாம் கலவையாக வந்திருக்க வேண்டும். வருவதோ ஒவ்வொரு முறையும் சுத்தமாக loose. எழுதியவர் நினைத்ததைத்தான் விரல் அடித்திருக்கிறது. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது.

எங்கே நடந்தது? முதலில் காதில்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் முடிவில் வேறுபடுகின்றன. loose என்பதன் கடைசி ஒலி நம் ‘ஸ்’. lose என்பதன் கடைசி ஒலி அதே இடத்தில், தொண்டை அதிர ஒலிக்கும் z. தமிழில் அந்த ஒலி கிடையாது. அதற்கு எழுத்தும் கிடையாது. ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான சொற்களில் z எல்லாம் ஸ் ஆகிவிட்டது. நியூஸ், சைஸ், ரோஸ், குவிஸ். பள்ளி ஆண்டு விழா அறிவிப்புகளில் முதல் பரிசை first price என்று எழுதிவிடுவதற்கும் இதுவே காரணம், price என்பதும் prize என்பதும் இங்கே ஒரே ‘ப்ரைஸ்’தான்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஆங்கிலேயர்களே சொல்லின் முடிவில் z ஒலியை முழுக்க அதிரவிட்டுச் சொல்வதில்லை. பிறகு எப்படி வித்தியாசம் தெரிகிறது? பீட்டர் டெனிஸ் என்ற ஒலியியலாளர் 1955இல் இதைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது use என்ற சொல். பெயர்ச்சொல்லாக வந்தால் ‘யூஸ்’ என்று ஸ் ஒலியிலும், வினைச்சொல்லாக வந்தால் z ஒலியிலும் முடியும். lose, loose ஜோடியில் இருக்கும் வித்தியாசமும் இதுவே. பதிவுசெய்த ஒலியில் உயிரொலியை நீட்டி, கடைசி மெய்யொலியைச் சுருக்கிக் கேட்கவிட்டபோது, ஸ் என்று சொல்லப்பட்டதே கேட்பவர்களின் காதில் z ஆக விழுந்தது. அதாவது ஆங்கிலக் காது முடிவொலியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை, அதற்கு முந்தைய உயிர் எவ்வளவு நீண்டது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப்படி lose என்பதில் ‘லூ’ நீளம். loose என்பதில் ‘லூ’ குட்டை. எழுத்தில் பார்த்தால் நேர்மாறு. ஓர் o போட்டதற்கு நீண்ட ஒலி, இரண்டு o போட்டதற்குக் குறுகிய ஒலி. குறிலுக்கு ஓர் எழுத்து, நெடிலுக்கு வேறு எழுத்து என்று ஒழுங்காக வைத்திருக்கும் மொழியில் வளர்ந்தவருக்கு இது எந்த வகையிலும் உதவாது.

காதில் இரண்டு ஒலிகள் ஒன்றானால் எழுத்தில் அந்த இரண்டும் இடம் மாறும் என்பது தமிழிலேயே நமக்குத் தெரிந்த சங்கதி. சென்னைப் பேச்சில் ழ என்பது பெரும்பாலும் ள ஆகிவிட்டதால், வழியை ‘வளி’ என்று எழுதும் பிள்ளைகள் வடசென்னைப் பள்ளிகளில் நிறைய. ரகரமும் றகரமும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் கலந்துவிட்டதால் கரையும் கறையும் மாறி மாறி வருகின்றன. ஆனால் அதே பிள்ளை கல்லைக் ‘கள்’ என்று எழுதுவது அபூர்வம், ஏனென்றால் ல, ள இரண்டும் அந்தக் காதில் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன. பிழை எங்கே வரும், எங்கே வராது என்பதைக் காது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். லண்டனில் பிறந்து வளர்ந்தவர்களும் lose என்பதை loose என்று எழுதுகிறார்கள், உலகம் முழுக்கப் பேர்போன பிழை இது. அவர்கள் காதில் z தெளிவாகவே விழுகிறது. அவர்களைத் தடுக்கி விழவைப்பது ஆங்கில எழுத்துமுறை. lose என்ற உச்சரிப்புக்கு இயைபாக வரும் சொல் choose, அதில் இரண்டு o. lose என்ற எழுத்துக்கு ஒத்த வடிவில் இருப்பவை nose, rose, hose, அவை எல்லாம் ‘ஓ’ ஒலியில் ஒலிக்கின்றன. ஒலியை வைத்து எழுதப் போனால் loose வருகிறது, எழுத்தை வைத்துப் படிக்கப் போனால் ‘லோஸ்’ வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் lose என்ற வடிவத்துக்கு ஆதரவு இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் கெட்டிப்படுவதற்கு முன்பு இதே குழப்பம் அச்சிலும் இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்று lose என்று அச்சிடும் இடங்களில் loose என்று வந்திருக்கிறது. அன்று அதைப் பிழை என்று யாரும் சொல்லவில்லை.

நம் செய்திகளுக்கு வருவோம். வடசென்னைக்காரர் lose எழுதும்போது ஆங்கிலத்தின் குழப்பத்தோடு இங்கேயே விளைந்த இரண்டு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. என் பார்வையில் இவைதான் பெரிய காரணங்கள்.

ஒன்று, தமிழை ரோமன் எழுத்தில் அடிக்கும் பழக்கம். அதற்கு யாரும் இலக்கணம் எழுதவில்லை, ஆனாலும் ஒழுங்கு இருக்கிறது. ஊருக்கு oor, பூவுக்கு poo, மூணுக்கு moonu, சூடுக்கு soodu. ‘ஊ’ என்றால் oo. தனி o என்றால் ஒ அல்லது ஓ: போ என்பது po, ஒண்ணு என்பது onnu. இந்த விதியை நாள் முழுக்க விரல் பழகிக்கொண்டிருக்கிறது. ‘லூ’ என்ற ஒலி மனதில் எழுந்ததும் loo என்று விரல் போவது அந்த விதியின்படி சரியான விடை. அதே விதிப்படி lose என்பதைப் படித்தால் ‘லோசே’ என்றோ ‘லோஸ்’ என்றோதான் வரும், அது அவருக்கு வேறு சொல். போதாததற்கு loosu என்ற சொல் வேறு இருக்கிறது. நண்பனைத் திட்டவும் கொஞ்சவும் இவ்வளவு தோதான சொல் சென்னையில் வேறில்லை. ஒருவர் ஒரு மாதத்தில் lose என்று எத்தனை முறை அடிப்பார், loosu என்று எத்தனை முறை அடிப்பார் என்று தன் ஃபோனிலேயே தேடிப் பார்க்கலாம். அடித்துப் பழகிய தடத்தில் விரல் ஓடுகிறது. loo என்று ஆரம்பித்ததும் விசைப்பலகையும் தான் கற்றுவைத்திருப்பதை முன்னால் நீட்டுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. loose என்ற சொல் தமிழுக்குள் வந்து குடியேறிவிட்டது. நட்டு லூஸ், வயரிங்கில் லூஸ் கனெக்‌ஷன், சட்டை லூஸ், லூஸில் வாங்கிய எண்ணெய், பெட்டியில் அடைக்காமல் வரும் லூஸ் சரக்கு. துறைமுகத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் இது அன்றாடச் சொல். loss என்ற சொல்லும் அப்படியே குடியேறியிருக்கிறது: வியாபாரம் லாஸ், இந்த டிரிப்பில் லாஸ். ஆனால் lose தமிழுக்குள் வரவேயில்லை. ஒரு பொருள் காணாமல் போனால் “தொலைஞ்சிடுச்சு” என்போம், “மிஸ்ஸாயிடுச்சு” என்போம். “லூஸாயிடுச்சு” என்றால் நட்டு தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆக lose என்ற சொல்லை எழுத உட்காரும்போது அந்த ஒலிக்கு உரியதாக மனதில் ஏற்கெனவே ஒரு சொல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் எழுத்து வடிவம் எல்லோருக்கும் தெரியும். அதுவே வெளியே வருகிறது.

இதிலிருந்து ஒரு பிடி கிடைக்கிறது, சொல்லித் தருபவர்களுக்கு உபயோகப்படும். lose என்பதை லூஸோடு சேர்த்து நினைத்தால் ஒருநாளும் நேராகாது. லாஸோடு சேர்த்து நினைக்க வேண்டும். loss, lost, lose மூன்றும் ஒரே குடும்பம், மூன்றிலும் ஒரே ஒரு o.

பெரும்பாலான நேரங்களில் இந்தப் பிழையால் கேடு எதுவும் வருவதில்லை. “dont loose gate pass” என்றால் படிப்பவர் தடுமாற மாட்டார். dont என்று வந்துவிட்டதால் அடுத்து வினைச்சொல்தான் வர வேண்டும், தொலைக்கக் கூடியதாக ஒரு சீட்டும் பக்கத்தில் இருக்கிறது. வாக்கியத்தின் மற்ற சொற்கள் பிழையைச் சரிசெய்துவிடுகின்றன. ஆபத்து வருவது அந்த மற்ற சொற்கள் இல்லாதபோது. அவசரச் செய்தியில் முதலில் பலியாவது வினைமுற்றும் துணைவினையுமே என்பதால், சரிசெய்யும் சொற்கள் அடிக்கடி இருப்பதில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். டிரைவர் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்க்கிறார், கன்டெய்னர் கதவில் சீல் இல்லை. ஆபீசுக்கு “box seal loose” என்று அடித்துவிட்டு வரிசையில் வண்டியை நகர்த்துகிறார். அவர் சொல்ல வந்தது சீல் தொலைந்துவிட்டது என்று. அங்கே படிப்பவருக்கு சீல் ஆடுகிறது என்று தெரிகிறது. கன்டெய்னர் கதவில் போடும் போல்ட் சீல் என்பது ஒரு தடித்த முள்ளும் அதன் நுனியில் மாட்டும் பூட்டும். பூட்டிய பிறகும் துளைக்குள் அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், கட்டரால் வெட்டினாலொழிய வராது. ஆகையால் ‘லூஸ்’ என்றால் அவர் கவலைப்பட மாட்டார், “ok proceed” என்று அனுப்புவார். உண்மையில் சீலே இல்லையென்றால் நடக்க வேண்டியது முற்றிலும் வேறு. அந்தப் பெட்டியை யாராவது திறந்தார்களா என்ற கேள்வி எழும். சுங்கத்துறைக்குத் தகவல் போக வேண்டும், சரக்கைச் சரிபார்க்க நேரலாம், புது சீலின் எண்ணைத் தாள்களில் மாற்ற வேண்டும். இரண்டு வாசிப்புக்கும் இடையில் இருப்பது ஓர் o. அந்த மூன்று சொற்களில் எது சரி என்று கண்டுபிடிக்க எந்தத் தடயமும் கிடையாது. seal lose என்று ‘சரியாக’ எழுதியிருந்தாலும் படிப்பவர் அதை loose என்பதன் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். இந்த இடத்தில் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதைவிட seal missing என்றோ seal illa என்றோ எழுதுவதே மேல். லூஸ் என்ற ஒலியைத் தொடாத சொல் எதுவானாலும் சரி.

ஃபோன் ஏன் இதைப் பிடிப்பதில்லை? சிவப்புக் கோடு போடும் சாதாரணத் திருத்தி, அடித்த சொல் தன் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். loose இருக்கிறது, ஆகவே கோடு விழாது. பட்டியலைப் பெரிதாக்கினால் நிலைமை மோசமாகும். ஜேம்ஸ் பீட்டர்சன் என்ற கணினி அறிஞர் 1986இல் இதைக் கணக்கிட்டார். சிறிய சொற்பட்டியலாக இருந்தால் தட்டச்சுப் பிழைகளில் சுமார் 2 விழுக்காடு வேறொரு நல்ல சொல்லாக மாறித் தப்பிவிடும். 3,50,000 சொற்கள் கொண்ட பட்டியலில் அது ஏறக்குறைய 16 விழுக்காடு. பிடிக்க வேண்டுமானால் பக்கத்துச் சொற்களை வைத்து எது பொருந்தும் என்று பார்க்கும் திருத்தி வேண்டும். இன்றைய ஃபோன்களில் அது ஓரளவு இருக்கிறது. அதற்கும் தேவை அதே பக்கத்துச் சொற்கள், முழு ஆங்கில வாக்கியம். பாதித் தமிழில் எழுதிய மூன்று சொல் செய்தியில் மனிதருக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. மேலும் ரோமன் எழுத்தில் தமிழ் அடிப்பவர்களில் பலர் தானாகத் திருத்தும் வசதியை அணைத்தே வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அது கெடுக்கும்.

alot கதை வேறு. இதில் எழுத்து எதுவும் மாறவில்லை, ஓர் இடைவெளி மட்டும் காணோம். இங்கே அவசரத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, ஒரு தட்டல் மிச்சம். ஆனால் அதே ஆள் of line என்பதை ofline என்று ஒட்டுவதில்லை. a மட்டும் ஏன் ஒட்டுகிறது? பேச்சில் அதற்குத் தனி இருப்பு கிடையாது. அழுத்தமில்லாமல் அடுத்த சொல்லின் தலையில் உட்கார்ந்து ‘அலாட்’ என்று ஒரே மூச்சில் வருகிறது. ஆங்கிலத்தில் alone, along, again, away என்று இதே வடிவில் ஒட்டிப்போன சொற்கள் ஏராளம். an other என்பது another ஆகி நிலைத்தும்விட்டது. எல்லை எங்கே என்று ஆங்கிலேயர்களே தவறிய இடமும் உண்டு: a napron என்று இருந்ததை an apron என்று பிரித்துக் கேட்டு, n இல்லாத சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தமிழில் இப்படி முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்துச் சொல் கிடையாது. நம் சின்னச் சொற்கள் பெரும்பாலும் பின்னால் போய் ஒட்டும். அதனால் தனியாக நிற்கும் a என்பது கண்ணுக்கு ஏதோ விடுபட்டதுபோல் தெரிகிறது. சொற்களுக்கு இடையில் இடம் விடுவதே நமக்கு அச்சோடு வந்த பழக்கம், ஓலைச்சுவடிகளில் எழுத்து இடைவெளியில்லாமல் ஓடும். ‘வந்து விட்டது’ என்று பிரிப்பதா ‘வந்துவிட்டது’ என்று சேர்ப்பதா என்பதில் இன்றைக்கும் பத்திரிகைகளுக்குள் ஒற்றுமை இல்லை.

இதிலும் ஏற்கெனவே குடியேறிய ஒரு சொல் காத்திருக்கிறது. அலாட் என்றால் வடசென்னையில் நிறைய என்று பொருள் இல்லை. ஒதுக்கீடு. கப்பலுக்கு பெர்த் அலாட் ஆவதும், ஊழியருக்கு குவார்ட்டர்ஸ் அலாட் ஆவதும், சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்ப் பக்கம் குடியேற்றப்பட்டவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் அலாட்மென்ட் தாளும் அந்தச் சொல்லே. ஆங்கிலத்தில் அதன் எழுத்து allot, இரண்டு l.

ஃபோனுக்கு alot என்பது பட்டியலில் இல்லாத சொல், ஆகவே அது கட்டாயம் திருத்தப் பார்க்கும். ஃபிரெட் டாமரா என்பவர் 1964இல் காட்டியபடி, எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே ஒரு கோளாறால் வருபவை. ஓர் எழுத்து கூடியிருக்கும், குறைந்திருக்கும், மாறியிருக்கும், அல்லது இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். திருத்திகள் இன்றும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. alot என்பதோடு ஓர் இடைவெளியைச் சேர்த்தால் a lot. ஓர் l சேர்த்தால் allot. இரண்டும் ஒரே தூரம். ஆங்கிலத்தில் a lot மிக அதிகமாக வருவதால் பெரும்பாலும் அதுவே வெல்லும். ஆனால் allot என்று நாள்தோறும் அடிக்கும் ஆபீஸ் ஃபோன் தன் உரிமையாளரின் பழக்கத்தையும் கற்றிருக்கக் கூடும். “alot 40 ft came” என்று அடித்தவருக்கு, நாற்பதடிப் பெட்டிகள் நிறைய வந்திருக்கின்றன என்று சொல்ல எண்ணம். allot என்று மாறிப் போய்ச் சேர்ந்தால், வந்த நாற்பதடிப் பெட்டிக்கு இடம் ஒதுக்கு என்று அது ஓர் உத்தரவாகிவிடுகிறது, சிவப்புக் கோடு எதுவும் இல்லாமல். niraya 40 ft vandhurku என்று அடித்திருந்தால் எந்தத் திருத்தியும் அதை உத்தரவாக்கியிருக்காது.